உடனே வண்டியை நிறுத்தச் சொல்லும் மூன்று சின்னங்கள்: வீட்டில் புதிதாக ஓட்டுபவருக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் என் மகளுக்கும், பிறகு தம்பி மகனுக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். அதிலிருந்து உறவிலோ நட்பிலோ யார் வீட்டுப் பிள்ளை லைசென்ஸ் எடுத்தாலும் எனக்கு அழைப்பு வருகிறது. மீட்டரில் எரியும் விளக்குகளில் எதற்கு நிறுத்த வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதுதான் எல்லோருக்கும் சந்தேகம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெட்ரோல், டீசல் கார்களுக்காக எழுதியது. மின்சாரக் கார் பற்றிய கேள்வி கடைசிப் பக்கமாக இருக்கிறது.

மீட்டர்ல எக்கச்சக்கமா சின்னம் இருக்கு. புதுசா ஓட்டுற பிள்ளை எத்தனைய மனப்பாடம் பண்ணணும்?

மூன்று. ஒன்று, மூக்கில் சொட்டு விழும் எண்ணெய்க் குடுவை. இரண்டு, அலையில் நிற்கும் வெப்பமானி. மூன்று, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, வட்டத்தின் இரு பக்கமும் அடைப்புக்குறி போல வளைவு. இவை சிவப்பில் எரிந்தால் வண்டி ஓரம் போய் நிற்க வேண்டும். முதலாவது இன்ஜினுக்கு ஆயில் அழுத்தம் இல்லை என்கிறது. இரண்டாவது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்கிறது. மூன்றாவது பிரேக்கில் கோளாறு என்கிறது.

மற்ற சின்னங்களை வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து நிதானமாகத் தெரிந்துகொள்ளலாம். மகளுக்கு முதலில் இருபது சின்னங்களைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எண்ணெய்க் குடுவையைப் பார்த்து "கண்ணாடித் தண்ணி தீர்ந்துபோச்சு" என்றாள். அன்றைக்கே காகிதத்தைக் கிழித்துவிட்டு மூன்றை மட்டும் வரைந்தேன்.

சிவப்புல எது எரிஞ்சாலும் நிறுத்தணும்னு சொல்லிட்டா போதாதா? எதுக்கு மூணுன்னு பிரிக்கணும்?

சின்னங்களின் வடிவத்துக்கும் நிறத்துக்கும் ஐஎஸ்ஓ 2575 என்ற பன்னாட்டுத் தரவரையறை இருக்கிறது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் எச்சரிக்கை, பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல். அதனால் சிவப்பைக் கண்டதும் பார்வை அங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது சரிதான்.

ஆனால் சீட் பெல்ட் போடாவிட்டாலும் சிவப்பு, கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும் சிவப்பு. பல கார்களில் ஏர்பேக் விளக்கும் சிவப்புதான். அதை விரைவில் காட்டிச் சரிசெய்ய வேண்டும், ஆனால் அதற்காக நெடுஞ்சாலையில் ஓரங்கட்டுவது தேவையில்லாத ஆபத்து. எல்லாச் சிவப்புக்கும் நிறுத்து என்று பழக்கினால், நாலு தடவை கதவுக்காக நிறுத்திய பிள்ளை ஐந்தாவது தடவை எண்ணெய்க் குடுவையையும் கதவு மாதிரியே நினைத்துவிடும். திரையில் சிவப்பாக "STOP" என்ற சொல்லே வரும் கார்களும் உண்டு. அந்தச் சொல் வந்தால் சின்னம் எதுவானாலும் நிறுத்த வேண்டியதுதான்.

உடனேன்னா எவ்வளவு உடனே? நடு ரோட்டுலயேவா?

இல்லை. அரை நிமிடத்துக்குள் போகக்கூடிய பாதுகாப்பான ஓரத்தில். இந்தச் சொல்லைத் தெளிவாக்காமல் விட்டால் புதிதாக ஓட்டுபவர் இரண்டில் ஒரு தப்பைச் செய்வார். பதறி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பாராமல் பிரேக்கை அழுத்துவார். அல்லது "அடுத்த பங்க்ல நிறுத்திக்கலாம்" என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டுவார்.

நான் பழக்கும் வரிசை எப்போதும் ஒன்றே. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு. இண்டிகேட்டரைப் போடு. கண்ணாடியைப் பார். வண்டி தானாக வேகம் குறையும்போதே ஓரத்துக்குக் கொண்டுவா. நின்ற பிறகு ஹேண்ட் பிரேக், ஹசார்டு விளக்கு, கடைசியாக இன்ஜினை அணை. வண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால், போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. ரயில்வே கிராசிங்கிலோ, குறுகிய பாலத்திலோ, வளைவில் மறைவான இடத்திலோ விளக்கு எரிந்தால், இன்ஜின் பாழானாலும் பரவாயில்லை என்று முதலில் அதைக் கடந்துவிட வேண்டும். இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம்.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே சாவிய ஆஃப் பண்ணிட்டா இன்ஜின் இன்னும் சீக்கிரம் தப்பிக்குமே?

இன்ஜின் தப்பிக்கும், உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இன்ஜின் அணைந்ததும் பவர் ஸ்டீயரிங் உதவி போய் வளையம் கனமாகிவிடும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் ஒன்றிரண்டு மிதிப்புக்கு மேல் தாங்காது. பிறகு கட்டைபோல இறுகும். சாவியை உருவியும்விட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். முழுதாக நின்ற பிறகுதான் அணைக்க வேண்டும். மேலே சொன்ன வரிசையில் அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இதெல்லாம் எப்படிப் பழக்குறது? விளக்கு எரியவே எரியாதே, எரிஞ்சாத்தானே காட்ட முடியும்?

தினமும் எரிகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. இன்ஜினை ஓடவிடாமல் சாவியை ஒரு படி மட்டும் திருப்புங்கள்; பட்டன் வைத்த காரென்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்துங்கள், பல கார்களில் இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும். விளக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று கார் தானே பரிசோதிக்கும் நேரம் அது. பல கார்களில் எண்ணெய்க் குடுவை இன்ஜின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதால் பிரேக் விளக்கும் எரியும். வெப்பமானி இருந்தால் சில நொடி எரிந்து அணையும். அந்த நேரத்தில் விரலால் தொட்டுப் பெயர் சொல்லச் சொல்லுங்கள்: "ஆயில், சூடு, பிரேக்." பத்து நாள் காலையில் இப்படிச் செய்தால் எது எந்த இடத்தில் எரியும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

அடுத்தது கை கால் பழகுவது. ஆளில்லாத சாலையிலோ பெரிய மைதானத்திலோ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லி, சொல்லாமல் கொள்ளாமல் "ஆயில்!" என்று சொல்லுங்கள். ஓட்டுபவர் அந்த வரிசையைச் செய்ய வேண்டும். முதல் முறை என் தம்பி மகன் "எங்கே?" என்று மீட்டரைத் தேடினான், வண்டி அதுபாட்டுக்குப் போனது. ஆறேழு தடவைக்குப் பிறகு நான் சொல்லி முடிக்கும்முன் கால் ஆக்ஸிலேட்டரை விட்டிருந்தது. நடுநடுவே "கதவு!" "ஏர்பேக்!" என்றும் சொல்லிப் பாருங்கள். அதற்கு நிறுத்தாமல் ஓட்டினால்தான் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்று பொருள்.

எண்ணெய்க் குடுவைக்கு ஏன் இவ்வளவு அவசரம்? மெதுவா ஓட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டா என்ன?

இன்ஜினின் நடுவே கிராங்க் என்ற கனமான தண்டு சுழல்கிறது. அது உட்கார்ந்திருக்கும் பேரிங்கை அது தொடுவதில்லை; இரண்டுக்கும் நடுவே தலைமுடியை விட மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அந்தப் படலத்துக்கு விடாமல் ஆயிலை அனுப்புவது பம்பின் அழுத்தம். சாதாரணமாக ஓடும் வேகமான நிமிடத்துக்கு 2000 சுற்றில், அந்தத் தண்டு நொடிக்கு 33 முறை சுழல்கிறது. ஆயில் நின்றுபோனால் இரும்பும் இரும்பும் அந்த வேகத்தில் உரசும். பேரிங் சூடாகி, உருகி, தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த விளக்கு முன்கூட்டியே வரும் எச்சரிக்கை அல்ல. ஓடும் இன்ஜினில் இரண்டு மூன்று பார் அழுத்தம் இருக்கும். பெரும்பாலான கார்களில் அது அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகுதான் விளக்கை எரியவைக்கும் ஸ்விட்ச் வேலை செய்யும். விளக்கு எரிகிறது என்றால் அழுத்தம் ஏற்கெனவே போய்விட்டது. மெதுவாக ஓட்டினாலும் தண்டு சுழலத்தான் செய்யும்.

நிறுத்தியாச்சு. அப்புறம் என்ன பண்ணணும்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் ஓட்ட ஆரம்பித்து ஐந்தாவது வாரம், ஆயில் மாற்றி இரண்டாவது நாள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில். ஒரு வளைவில் எண்ணெய்க் குடுவை மினுக்கி அணைந்தது. எனக்குத் தெரியவில்லை, அவள் பார்த்துவிட்டாள். நேர்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி எரிந்து அப்படியே நின்றது. "அப்பா, ஆயில்" என்றாள், ஓரங்கட்டினாள், அணைத்தாள். எல்லாம் இருபது நொடி இருக்கும்.

பத்து நிமிடம் விட்டேன். மேலே ஏறியிருக்கும் ஆயில் கீழே தொட்டிக்கு வடிய அந்த நேரம் வேண்டும். பிறகு ஆயில் கம்பியை உருவித் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவிப் பார்த்தேன். நுனியில்கூட ஈரம் இல்லை. குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது, வந்த வழியெல்லாம் கோடு. இன்ஜினை மறுபடி தொடாமல் மீட்பு வண்டியைக் கூப்பிட்டோம். ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டரைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் மேலேயே புதிய ஃபில்டரைத் தன் வளையத்தோடு மாட்டிவிட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் இருந்தால் அழுத்தத்தைத் தாங்காமல் பிதுங்கி ஆயில் கொட்டிவிடும். பழைய வளையத்தை எடுத்துப் புதிய ஃபில்டர், புதிய ஆயில் போட்டார்கள், அழுத்தமானி வைத்துப் பார்த்தார்கள். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் அதே இன்ஜின்தான் ஓடுகிறது.

என் மைத்துனருக்கு ஒருமுறை இதே விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறதே என்று ஓட்டிவிட்டார். போய்ச் சேரும்போது உள்ளே சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். பேரிங்கெல்லாம் தேய்ந்து கிராங்கில் வரி விழுந்திருந்தது, இன்ஜினையே இறக்க வேண்டியதாயிற்று. அவர் இருபது வருடம் ஓட்டியவர்.

ஆயில் குறைவா இருந்துச்சு, ஊத்தினோம், விளக்கு போயிடுச்சு. இனி ஓட்டலாம்ல?

கசிவு இல்லை என்று தெரிந்தால் மட்டும். கம்பியில் ஆயில் கீழ்க் குறிக்கும் கீழே இருந்தால், சரியான ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இரண்டு குறிக்கும் நடுவே கொண்டுவர வேண்டும். பல கார்களில் கீழ்க் குறியிலிருந்து மேல் குறிவரை ஏறக்குறைய ஒரு லிட்டர். மேல் குறியைத் தாண்டக் கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து, ஐந்து நொடிக்குள் விளக்கு அணைகிறதா பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

அணைந்தாலும், வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று இரண்டு நிமிடம் பாருங்கள். ஆயில் எங்கே போனது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் நீண்ட தூரம் கிளம்ப வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன எங்கள் வண்டியில் ஊற்றியிருந்தால் விளக்கு போயிருக்கும், கொஞ்ச தூரத்தில் திரும்ப வந்திருக்கும்.

கம்பில ஆயில் அளவு சரியா இருக்கு, விளக்கு மட்டும் எரியுது. சென்சார் கோளாறா இருக்கும், ஓட்டிட்டு வான்னு சொல்றாங்களே?

சென்சாராகவும் இருக்கலாம், ஆயில் பம்பாகவும் இருக்கலாம். பம்ப் உறிஞ்சும் வலை கசடால் அடைந்திருந்தாலும் அளவு சரியாக இருக்கும், அழுத்தம் மட்டும் இருக்காது. சாலையோரத்தில் நின்றுகொண்டு இவற்றைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தால்தான் தெரியும். சென்சார் மலிவு, இன்ஜின் அப்படியல்ல. அளந்து பார்க்கும்வரை விளக்கு சொல்வதை நம்பி, கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

சிக்னல்ல நிக்கும்போது மட்டும் மினுக்குது, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்தா போயிடுது. அப்புறம் அதே குடுவை மஞ்சள்லயும் ஒரு நாள் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. மஞ்சளில் வருவது ஆயிலின் அளவு குறைந்திருக்கிறது என்ற தகவல். பெரும்பாலும் குடுவைக்குக் கீழே ஒரு அலைக்கோடும் இருக்கும். நிதானமாக நிறுத்தி, அளவு பார்த்து ஊற்றினால் போதும். இந்த வசதி எல்லாக் கார்களிலும் கிடையாது. எங்கள் காரில் இல்லை, அதனால்தான் அவ்வளவு ஆயில் கொட்டியும் சிவப்பு வரும்வரை ஒரு அறிகுறியும் வரவில்லை.

சிவப்பு மினுக்குவது நிற்கும்போது அழுத்தம் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பம்ப் மெதுவாகச் சுழலும்போது தாக்குப்பிடிக்கவில்லை, வேகம் கொடுத்தால் தாக்குப்பிடிக்கிறது. வளைவில் மினுக்கினால் தொட்டியில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. இரண்டுமே முழுதாக எரிவதற்கு முந்தைய படி. மினுக்கினாலும் எரிந்ததாகவே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெப்பமானி காலையில நீலமா எரியுது. இதுக்கும் நிறுத்தணுமா?

வேண்டாம். நீலம் இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்கிறது. சில நிமிடத்தில் தானாக அணையும். அதுவரை விரட்டாமல் ஓட்டினால் நல்லது. நிற்க வேண்டியது சிவப்புக்கு, அல்லது முள் வைத்த காரில் முள் சிவப்புப் பட்டையைத் தொட்டால்.

சிவப்பு வந்தால் ஏசியை அணைத்து, அதே வரிசையில் ஓரங்கட்டி, இன்ஜினையும் அணைப்பது எங்கள் வீட்டு விதி. நீராவி வராவிட்டால் சற்று நேரம் இன்ஜினை ஓடவிட்டு ஃபேன் குளிர்விக்கட்டும் என்று சில கையேடுகள் சொல்கின்றன. அதுவும் சரிதான். ஆனால் நீராவியா, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிவா, ஃபேன் சுற்றுகிறதா என்றெல்லாம் புதியவர் அந்தப் பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டியிராதபடி, அணை என்ற ஒரே விதியை வைத்திருக்கிறேன்.

சூடான வண்டியில ரேடியேட்டர் மூடியத் திறந்து தண்ணி ஊத்தணும்னுதானே எல்லாரும் செய்றாங்க?

பலர் முகமும் கையும் வெந்துபோவது இதனால்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால் கூலன்ட் அதற்கும் மேலே சூடாகியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் விழுந்து, அவ்வளவும் ஒரே நொடியில் கொதித்து மேலே பீய்ச்சும். குறைந்தது அரை மணி நேரமாவது விட்டு, ரேடியேட்டரின் மேல் குழாயைத் துணி சுற்றிய கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகுதான் மூடிப் பக்கமே போக வேண்டும். இன்ஜின் அணைந்திருந்தாலும் ஃபேன் திடீரென்று சுழல ஆரம்பிக்கலாம், விரலை அங்கே கொண்டுபோகக் கூடாது. கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிப்பு விடவும் வாய்ப்புண்டு.

தனியாகப் போகும் புதிய ஓட்டுநருக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்: பானட்டைத் திறக்காதே, போன் செய்.

முள்ளு மேல வரைக்கும் போச்சு, அப்புறம் தானாவே கீழ இறங்கிடுச்சு. சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

மேட்டில் ஏறிச் சூடாகி, இறக்கத்தில் மெதுவாக இறங்கினால் சரி. சிவப்பிலிருந்து சட்டென்று விழுந்தால் அதுதான் மோசமான அறிகுறி. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும். கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும், குறைவாகக் காட்டும், சில வேளை விளக்கும் அணையும். உள்ளே இன்ஜின் முன்னைவிடக் கொதித்துக்கொண்டிருக்கும். இனிப்பான ஒரு வாடை, நீராவி, இன்ஜின் இழுக்கத் திணறுவது, ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வருவது ஆகியவை கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம். அணைந்துபோன விளக்கை நம்பாமல் நிறுத்த வேண்டும்.

வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி, அது ஹேண்ட் பிரேக் போட்டிருக்குன்னு காட்டுறதுதானே?

பல கார்களில் அதற்கும் இதே விளக்குதான், குழப்பம் அங்கேதான் வருகிறது. ஓடும்போது எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். புதியவர்கள் ஒரு பல் மீதம் வைத்து ஓட்டுவது சாதாரணம். இறக்கியும் எரிந்தால், பெரும்பாலும் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று பொருள். பேட் மிகவும் தேய்ந்து ஆயில் மட்டம் இறங்கியிருக்கலாம், அல்லது எங்கோ கசியலாம். பிரேக் போடும்போதோ வளைவிலோ மட்டும் மினுக்குவதும் இதே காரணத்தால்தான். குப்பியில் ஆயில் அலையும்போது மட்டம் கீழே போகிறது.

இந்த ஒரு விளக்குக்கு வரிசையில் சிறிய மாற்றம் உண்டு. நிறுத்த வேண்டியதே பிரேக்கால்தான் என்பதால், காலை எடுத்தவுடன் பிரேக்கை மென்மையாக மிதித்துப் பார்க்க வேண்டும். வழக்கம்போல் பிடித்தால் ஓரங்கட்டி நிறுத்தலாம். மிதி ஆழமாகப் போனால் பதற வேண்டாம்: கார்களில் பிரேக் ஆயில் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றது கொஞ்சம் பிடிக்கும். விட்டு விட்டுப் பலமுறை மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்ட் பிரேக்கால் மட்டும் நிறுத்திப் பழக்குங்கள். பட்டனாக இருக்கும் ஹேண்ட் பிரேக்கை ஓடும்போது எப்படிப் பயன்படுத்துவது என்பதை அந்தக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

மஞ்சள்ல ஏபிஎஸ் எரிஞ்சா ஓட்டலாம்னு சொன்னாங்க. சிவப்பு பிரேக்கும் மஞ்சள் ஏபிஎஸ்ஸும் ஒண்ணா எரிஞ்சா?

நிறுத்த வேண்டும். ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரணப் பிரேக் இருக்கிறது, வழுக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் உதவி மட்டும் இல்லை. இடைவெளி விட்டு மெதுவாக ஒர்க்‌ஷாப் போகலாம். இரண்டும் சேர்ந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடும் போயிருக்கலாம். அப்போது வேகமாகப் பிரேக் போட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி திரும்பிவிடும். ஹேண்ட் பிரேக் இறங்கியிருப்பதை உறுதிசெய்த பிறகும் இரண்டும் எரிந்தால், மென்மையாக நிறுத்தி, இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

பேட்டரி சின்னமும் சிவப்புதான். அத ஏன் மூணுல சேர்க்கல?

பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை, வண்டி பேட்டரியில் மிஞ்சியிருப்பதில் ஓடுகிறது. பகலில் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வழியில் இன்ஜினை அணைக்காமல் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். இரவில் முகப்பு விளக்கே பேட்டரியைத் தின்றுவிடும், அதனால் தூரப் பயணம் கூடாது.

ஆனால் அதோடு ஸ்டீயரிங் கனத்தாலோ, வெப்பமானியும் ஏறினாலோ உடனே நிறுத்த வேண்டும். பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரையும் கூலன்ட் பம்பையும் ஒரே பெல்ட்தான் ஓட்டுகிறது. "பேட்டரி எரிந்தால் வெப்பத்தைப் பார்" என்று ஒரே வரியில் சொல்லிவைத்திருக்கிறேன்.

மஞ்சள் இன்ஜின் சின்னம் மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. மஞ்சள்தானேன்னு ஓட்டிட்டோம். தப்பா?

மினுக்காமல் எரிந்தால் அந்த வாரத்தில் காட்டினால் போதும். மினுக்கினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. அது புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். வண்டி உதறுவதும் தெரியும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்ததும் மினுக்கல் நின்றால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். நிற்காவிட்டால் ஓரங்கட்டுங்கள். மஞ்சளில் இது ஒன்றுதான் இப்படி, அதனால் மூன்றும் நன்றாகப் பழகிய பிறகு நான்காவதாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்களது எலக்ட்ரிக் கார். எண்ணெய்க் குடுவையே இல்லையே?

பிரேக் சின்னம் அதே பொருளில் இருக்கிறது, முதலில் அதைப் பழக்குங்கள். ஆயில் அழுத்த விளக்கு கிடையாது. அதன் இடத்தில், பெரிய பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாவதற்கோ மின் அமைப்பில் கோளாறு வந்ததற்கோ சிவப்பு எச்சரிக்கையும் எழுத்தில் செய்தியும் வரும். சின்னம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் உங்கள் கையேட்டைப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். பேட்டரிச் சூடு பற்றிய சிவப்புச் செய்தி வந்தால் நிறுத்தி, எல்லோரும் இறங்கி, வண்டியை விட்டு நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். ஹைப்ரிட் காரில் இன்ஜினும் இருப்பதால் இங்கே சொன்ன மூன்றும் அப்படியே பொருந்தும்.

பொண்ணு ஆயில் விளக்குக்கு நிறுத்திட்டா, மீட்பு வண்டிக்குக் காசு ஆச்சு. கடைசியில வெறும் ஸ்விட்ச் கோளாறாம். இனி இப்படி நடந்தா என்ன சொல்லிவைக்கட்டும்?

அதையே திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அழுத்தமானி வைத்து அளந்த பிறகுதானே ஸ்விட்ச் என்று தெரிந்தது. ஓரத்தில் நின்ற அவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அன்றைக்குச் செலவைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டால், அடுத்த முறை விளக்கு எரியும்போது அவள் மீட்டரைப் பார்க்கமாட்டாள், உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு ஓட்டுவாள்.

பழுதான ஸ்விட்சை மாற்றாமல் மட்டும் விடாதீர்கள். "அது சும்மா எரியும்" என்று ஒரு விளக்கைப் பழக்கிவிட்ட வண்டியைப் புதிய ஓட்டுநரிடம் கொடுக்கக் கூடாது. மாற்றிய மறுநாள் காலை சாவியை ஒரு படி திருப்பிக் குடுவை எரிகிறதா, ஸ்டார்ட் செய்ததும் அணைகிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். முதல் படியில் எரியவே இல்லை என்றால் ஒயர் மாட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது விளக்கே போயிருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகு வண்டியை எடுங்கள்.